அட்டையை எடுக்க முன்னர் காரணம் சொல்ல வேண்டும்



எங்கட வகுப்பில் காட்ஸ் வைத்துக் கணிதம் செய்கிறோம் என்று கேள்விப்பட்டு, "பள்ளிக்கூடத்திலயே காட்ஸ் பழக்குறீங்களா?" என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காட்ஸ் என்றால் நம் ஊரில் சந்தி மூலையும் சூதும்தான் முதலில் ஞாபகம் வரும். அதனால் என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம், பிள்ளைகளிடம் என்ன தெரிந்தது என்பதை விளக்கமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் காசு இல்லை, பந்தயம் இல்லை, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த எந்தப் பொருளும் கை மாறுவதில்லை. மணி அடித்ததும் எல்லா அட்டைகளும் பெட்டிக்குள் திரும்பி வந்துவிடும். அப்படியிருந்தும் காட்ஸ் கையில் எடுப்பதையே விரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு பிறிஸ்டல் போட்டில் இலக்கம் மட்டும் எழுதிய அட்டைகள் செய்திருக்கிறோம். விளையாட்டு ஒன்றேதான், ஒரு பிள்ளையும் ஒதுங்கி இருக்கத் தேவையில்லை. அந்த வெற்று அட்டைக்கு ஒரு கூடுதல் நன்மையும் உண்டு, கீழே சொல்கிறேன்.

"வார்" என்று ஒரு காட்ஸ் விளையாட்டு இருக்கிறது. இரண்டு பேர் 52 அட்டைகளையும் பாதியாகப் பிரித்துக் கவிழ்த்து வைப்பார்கள். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு அட்டை திருப்புவார்கள். பெரிய இலக்கம் வந்தவர் இரண்டையும் எடுப்பார். இரண்டும் சமமாக வந்தால் அதுதான் "வார்": மேலும் அட்டை போட்டு, வெல்பவர் எல்லாவற்றையும் எடுப்பார். யோசிக்க எதுவுமே இல்லாத விளையாட்டு. ஆளுக்கொரு அட்டைக்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு அட்டை திருப்பி, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்துப் பின்னமாக்கினால், ஒவ்வொரு சுற்றும் ஒரு கணக்காகிவிடுகிறது.

நாங்கள் செய்யும் விதம் இது. ஒரு கட்டிலிருந்து ஜோக்கர், ஜேக், குயின், கிங் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். ஏஸ் என்பது 1. மீதி 40 அட்டைகள். அதிலும் 7, 9 இரண்டையும் ஆரம்பத்தில் ஒதுக்கி வைப்போம். இப்போது 1, 2, 3, 4, 5, 6, 8, 10 என்ற இலக்கங்களில் நான்கு நான்காக 32 அட்டைகள். ஆளுக்கு 16. சுற்றுக்கு இரண்டாகப் போட்டால் எட்டுச் சுற்றில் முடிந்துவிடும். அதோடு நிறுத்தி எண்ணிப் பார்ப்போம். வாரைப் போல ஒருவர் கையில் எல்லாம் சேரும் வரை விளையாடினால் பாடவேளை போதாது.

ஒவ்வொருவருக்கும் முன்னால் ஓர் ஈர்க்குத் துண்டு இருக்கும். அதுதான் பின்னக் கோடு. வந்த இரண்டு அட்டைகளில் சிறியது கோட்டுக்கு மேலே, பெரியது கீழே. அப்போது எல்லாப் பின்னங்களும் ஒன்றுக்குள்ளே அடங்கும். ஒரே இலக்கம் இரண்டு வந்தால், உதாரணமாக 4/4, அது முழு ஒன்று. பெரிய பின்னம் வைத்திருப்பவர் நான்கு அட்டைகளையும் எடுப்பார். ஆனால் எடுக்க முன்னர் தன்னுடையது ஏன் பெரியது என்று காரணம் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் அந்தக் காரணத்தை ஏற்க வேண்டும். காரணம் சொல்லத் தெரியாவிட்டால் அட்டைகள் நடுவிலேயே கிடக்கும், அடுத்த சுற்றில் வெல்பவருக்குப் போகும்.

இந்தக் காரண விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காட்ஸ் விளையாட்டுத்தான். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

பிள்ளைகள் அட்டையை வைத்தவுடன் பின்னத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். 3 மேலேயும் 4 கீழேயும் இருந்தால் "நான்கில் மூன்று". தமிழில் கீழே உள்ள எண்தான் முதலில் வருகிறது. முதலில் எத்தனையாகப் பிரித்தோம், பிறகு எத்தனை எடுத்தோம். "மூன்றின் கீழ் நான்கு" என்று வாசித்துப் பழகிய பிள்ளை இரண்டு தனி இலக்கங்களைத்தான் பார்க்கும். "நான்கில் மூன்று" என்று சொல்லும் பிள்ளை ஒரே அளவைப் பார்க்கத் தொடங்கும்.

கடையில் வாங்கும் காட்ஸில் ஒரு சிக்கல் உண்டு. அட்டையில் இலக்கத்தோடு அந்த எண்ணிக்கைக்குப் படங்களும் இருக்கும். 3 அட்டையில் மூன்று ஹார்ட்ஸ், அதன் கீழே 4 அட்டையில் நான்கு ஹார்ட்ஸ். மேலும் கீழுமாக ஏழு படங்கள் தெரிகின்றன. பின்னத்தைப் புதிதாகப் படிக்கும் பிள்ளை படங்களை எண்ணி, "ஏழில் மூன்று" என்று நினைத்துவிடக்கூடும். பாகத்தையும் முழுமையையும் வேறுவேறு குவியலாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. மூலையில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறிஸ்டல் போட் அட்டையில் படமே இல்லாததால் இந்தப் பிரச்சினை வருவதில்லை. மேலே சொன்ன கூடுதல் நன்மை இதுதான்.

முழுக் கட்டையும் முதல் நாளே கொடுப்பதில்லை. முதலில் எல்லோருக்கும் மேலே ஏஸ் அட்டையை நிரந்தரமாக வைத்துவிட்டு, கீழே மட்டும் அட்டை திருப்பச் சொல்வோம். 1/4 ஒரு பக்கம், 1/6 மறுபக்கம். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் முதலில் 1/6 என்றுதான் கை நீட்டுவார்கள், 6 பெரிய எண் என்பதால். அப்போது நான் சஹனைப் பற்றித்தான் கேட்பேன். "ஒரே அளவு சோறு வைத்த இரண்டு சஹன். ஒன்றில் நாலு பேர், மற்றதில் ஆறு பேர். உங்களுக்கு நல்ல பசி. எதில உட்காருவீங்க?" கல்யாண வீட்டில் உட்கார்ந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆட்கள் கூடினால் பங்கு சிறுக்கும் என்று உடனே விளங்கிவிடும்.

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் புதிதாக ஒரு பிழை பிறக்கும். "கீழே சின்ன எண் இருந்தால் பின்னம் பெரிது" என்று பிள்ளை ஒரு சட்டம் செய்துகொள்ளும். பிறகு 1/2, 8/10 இரண்டும் வந்தால் 1/2தான் பெரிது என்று அடித்துச் சொல்லும். அதனால் இந்தக் கட்டத்தை ஒரு நாளுக்கு மேல் இழுக்காமல், மேலேயும் கீழேயும் அட்டை மாறும் முழு விளையாட்டுக்குப் போய்விடுவது நல்லது.

இனி ஒரு சோடியின் விளையாட்டைச் சொல்கிறேன். ஒரு மகளும் ஒரு மகனும். மகள் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தாள். அவளுக்கு 5/6, அவனுக்கு 2/8. வென்றாள். அவளுக்கு 3/4, அவனுக்கு 1/5. வென்றாள். காரணம் கேட்டால், "எனக்கு ஒண்டுதான் குறையுது, அவனுக்குக் கனக்கக் குறையுது" என்றாள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. மகனும் ஏற்றுக்கொண்டான்.

அடுத்த சுற்றில் அவளுக்கு 2/4, அவனுக்கு 6/10. அவள் அட்டையை எடுக்கக் கை நீட்டினாள். "எனக்கு ரெண்டு குறையுது. அவனுக்கு நாலு குறையுது. எனக்குத்தான் பெரிசு." மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலில ரெண்டு எண்டா பாதி. பத்தில பாதி அஞ்சு. எனக்கு ஆறு இருக்கு" என்றான்.

இரண்டு காரணங்கள், இரண்டும் நியாயமாகக் கேட்கின்றன, விடை மட்டும் வேறு. அதுவரை அந்த மகள் வென்ற சுற்றுகளிலும் அவளிடம் இருந்தது இதே பிழையான சட்டம்தான். மேலெண்ணைக் கீழெண்ணிலிருந்து கழித்து, மீதி சிறிதாக உள்ளதே பெரிய பின்னம் என்று பார்த்திருக்கிறாள். இந்தச் சட்டம் பல இடங்களில் தற்செயலாகச் சரியான விடை தரும். பயிற்சிக் கொப்பியில் சரி அடையாளம் விழும், ஆசிரியருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வைத்ததால்தான் அது வெளியே வந்தது.

இப்படி இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காதபோது நான் தீர்ப்புச் சொல்வதில்லை. கடதாசிப் பட்டிதான் தீர்ப்புச் சொல்லும். 24 சென்ரிமீற்றர் நீளத்தில் கடதாசிப் பட்டிகள் வெட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பட்டியும் முழு ஒன்று. ஒன்றை இரண்டாகவும், ஒன்றை மூன்றாகவும், மற்றவற்றை நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்தாகவும் அடிமட்டத்தால் அளந்து கோடு போட்டிருக்கிறோம். 24 சென்ரிமீற்றர் என்றால் 240 மில்லிமீற்றர். அதை இந்த எண்களில் எதனால் பிரித்தாலும் மீதி வராது, அதனால் பிள்ளைகளே அளந்து கோடு போட முடியும். 7, 9 இரண்டாலும் 240 மீதியின்றிப் பிரிபடாது. அந்த அட்டைகளை ஒதுக்கி வைத்த காரணம் இதுதான்.

நான்காகப் பிரித்த பட்டியில் ஒரு துண்டு 60 மில்லிமீற்றர். பத்தாகப் பிரித்ததில் ஒரு துண்டு 24 மில்லிமீற்றர். 2/4 என்பது 120, 6/10 என்பது 144. மகன் வென்றான். நான் மகளிடம், "உனக்குக் குறைகிற ரெண்டு துண்டையும் அவனுக்குக் குறைகிற நாலு துண்டையும் அளந்து பாருங்க" என்றேன். அவளுடைய இரண்டு துண்டு 120 மில்லிமீற்றர். அவனுடைய நான்கு துண்டு 96 மில்லிமீற்றர்தான். "அவன்ட துண்டு சின்னது சேர்" என்றாள். எத்தனை துண்டு குறைகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, ஒரு துண்டு எவ்வளவு பெரிது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

அவளுடைய யோசனையை முழுக்கத் தூக்கி எறியத் தேவையில்லை. திருத்திக்கொண்டால் அது நல்ல ஆயுதம். 5/6, 3/4 இரண்டும் வந்தால், இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறது. பழைய சட்டப்படி இரண்டும் சமன். ஆனால் 5/6இல் குறைவது ஆறில் ஒன்று, 40 மில்லிமீற்றர். 3/4இல் குறைவது நான்கில் ஒன்று, 60 மில்லிமீற்றர். சிறிய துண்டு குறைவதால் 5/6 பெரிது. சஹன் கதையில் படித்தது இங்கே உதவுகிறது.

இப்போது எங்கள் வகுப்பில் ஏற்கப்படும் காரணங்கள் மூன்று வகை. மேலேயோ கீழேயோ ஒரே எண் இருந்தால் மற்ற எண்ணைப் பார்ப்பது. அரையை எல்லையாக வைத்து, ஒன்று அரைக்குக் கூட, மற்றது அரைக்குக் குறைவு என்று காட்டுவது. ஒன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்பதைத் துண்டின் அளவோடு சேர்த்துச் சொல்வது. பெரும்பாலான சுற்றுகள் இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும்.

ரியூசனில் குறுக்குப் பெருக்கல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. 3/5, 5/8 வந்த ஒரு சுற்றில் ஒரு பிள்ளை உடனே, "மூவெட்டு 24, ஐயஞ்சு 25, இது பெரிசு" என்று 5/8 ஐக் காட்டினார். விடை சரி. "24 எண்டா எதில 24?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு பின்னங்களையும் நாற்பதாகப் பிரித்தால் 3/5 என்பது நாற்பதில் 24, 5/8 என்பது நாற்பதில் 25. சமவலுப் பின்னம் எழுதி, கீழெண்ணை வாயால் சொல்லாமல் விட்டதுதான் குறுக்குப் பெருக்கல். இது தெரிந்து பெருக்கினால் தாராளமாக ஏற்போம். தெரியாமல் பெருக்கும் பிள்ளை, பின்னங்களைக் கூட்டச் சொன்னாலும் குறுக்கே பெருக்கத் தொடங்கும்.

அதே சுற்றைப் பெருக்காமலும் தீர்க்கலாம். எட்டில் பாதி நான்கு. 5/8 என்பது அரையைவிட எட்டில் ஒன்று கூட. ஐந்தில் பாதி இரண்டரை. 3/5 என்பது அரையைவிட ஐந்தில் ஒன்றின் பாதி கூட, அதாவது பத்தில் ஒன்று. எட்டில் ஒன்று பத்தில் ஒன்றைவிடப் பெரிது, ஆகவே 5/8. பட்டியில் 150க்கு 144. வெறும் 6 மில்லிமீற்றர் வித்தியாசம். பட்டியைக் கோணலாக வைத்தால் கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் இப்படி நெருக்கமான சுற்றுகளில் பட்டியை மட்டும் நம்பக் கூடாது. காரணமும் வேண்டும்.

சமமாக வருவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். ஒருவருக்கு 2/4, மற்றவருக்கு 3/6 என்றால் "வார்!" என்று கத்துவார்கள். மேலும் இரண்டிரண்டு அட்டை போட வேண்டும், வெல்பவருக்கு எட்டு அட்டை. சமவலுப் பின்னம் என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடும் பிள்ளைகள், இங்கே 4/5, 8/10 வரும்போது சமன்தான் என்று நிரூபிக்கச் சண்டை பிடிக்கிறார்கள். கடைசிச் சுற்றில் சமன் வந்து போட அட்டை இல்லாவிட்டால் அவரவர் அட்டையை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த விளையாட்டால் முடியாதவையும் உண்டு. பின்னம் என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைக்கு இது படிப்பிக்காது. கடதாசி மடித்து, ரொட்டி பிய்த்து, சம பங்கு என்ற எண்ணம் வந்த பிறகுதான் அட்டை. அடுத்தது, வெற்றி தோல்வி பெரும்பாலும் அதிர்ஷ்டம். யாருக்கு எந்த அட்டை வரும் என்பது கையில் இல்லை. எனவே எத்தனை அட்டை வென்றார் என்பதை நான் புள்ளியாக எழுதுவதில்லை. யார் என்ன காரணம் சொன்னார் என்பதைத்தான் எழுதிக்கொள்கிறேன். தோற்கும் அட்டை வந்தவர் எதிரியின் காரணத்தில் பிழை கண்டுபிடித்தால் அதையும் குறித்துக்கொள்வேன். ஒரே பிள்ளை எப்போதும் காரணம் சொல்லி, மற்றவர் தலையாட்டிக்கொண்டிருந்தால், இருவரையும் வேறு சோடிகளுக்கு மாற்றுவேன்.

வீட்டில் செய்ய விரும்பும் பெற்றோருக்கு: காட்ஸ் வாங்கத் தேவையில்லை. பழைய கலண்டர் அட்டையில் 32 துண்டு வெட்டி, மேலே சொன்ன எட்டு இலக்கங்களையும் நான்கு முறை எழுதுங்கள். 24 சென்ரிமீற்றர் பட்டிகள் ஏழு வெட்டிக் கோடு போடுங்கள். பிள்ளை பிழையான காரணம் சொன்னால் உடனே திருத்த வேண்டாம். "அப்படியெண்டா அளந்து பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். பழகிய பிறகு 7, 9 அட்டைகளையும் சேர்க்கலாம். அப்போது பட்டி உதவாது, காரணம் மட்டும்தான் துணை.

வாப்பாமார், அப்பாமார்களுக்குப் பழக்கமான ஒன்றையும் சொல்கிறேன். வாரிசுரிமையில் அல்குர்ஆன் குறிப்பிடும் பங்குகள் அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. இந்த ஆறு பின்னங்களையும் நம் 32 அட்டைகளால் வைக்கலாம். பிள்ளைகளும் தாயும் மனைவியும் இருக்கும் ஒருவர் வபாத்தானால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. எது பெரிய பங்கு என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட கணக்கில் மௌலவிமார் சொத்தை 24 பங்காக வைத்துத்தான் தொடங்குவார்கள். மனைவிக்கு 3, தாய்க்கு 4. நம் பட்டியிலும் எட்டில் ஒன்று 3 சென்ரிமீற்றர், ஆறில் ஒன்று 4 சென்ரிமீற்றர்.

இலக்கம் எழுதிய அட்டைத் தொகுதிகள் வகுப்பில் நான்கைந்து மேலதிகமாக இருக்கின்றன. தேவைப்படுபவர்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை கொண்டுபோய்த் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவரலாம். விளையாடும்போது பிள்ளை சொன்ன காரணம் எதுவும் உங்களுக்கு விளங்காவிட்டால், அதை அப்படியே கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.